சிறிய டேட்டா, ஒரு பக்கமாகச் சாய்ந்த டேட்டா: டி-டெஸ்டா, மான்-விட்னியா?

உப்பனாறு (கடலூர்)

எல்லோருக்கும் வணக்கம். கடல்சார் பாடத்தில் எம்.எஸ்ஸி. ப்ராஜெக்ட் செய்கிறேன். நண்டு வலை போடும் பைபர் படகுகள் ஒரு நடைக்கு எத்தனை கிலோ நண்டு கொண்டுவருகின்றன என்று தேவனாம்பட்டினத்திலும் சோனாங்குப்பத்திலும் எடை எழுதி வந்தேன். ஊருக்கு 8 படகு. எண்களை அப்படியே கீழே போடுகிறேன்.

```r
dev <- c(3, 4, 5, 6, 7, 9, 12, 46)
son <- c(8, 10, 11, 13, 14, 17, 21, 34)
t.test(dev, son)
wilcox.test(dev, son)
```

டி-டெஸ்டில் பி-மதிப்பு 0.46. மான்-விட்னியில் 0.038. ஒன்று "வித்தியாசமே இல்லை" என்கிறது, இன்னொன்று "இருக்கிறது" என்கிறது. எங்கள் கைடு "சாம்பிள் 30-க்குக் குறைவாக இருந்தால் மான்-விட்னிதான், வேறு பேச்சே இல்லை" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னபடி எழுதிவிடலாம். ஆனால் வைவாவில் "ஏன்" என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. சாதகமான விடையைத் தேர்ந்தெடுத்தேன் என்று நினைத்துவிடுவார்களோ என்றும் இருக்கிறது.

---

பாகூரான் (புதுச்சேரி)

உங்கள் கைடு சொன்னது சரிதான். முதலில் ஷப்பிரோ-வில்க் ஓட்டிப் பாருங்கள். தேவனாம்பட்டினம் கண்டிப்பாக ஃபெயில் ஆகும். நார்மல் இல்லையென்றால் டி-டெஸ்டை மூடி வைத்துவிட்டு மான்-விட்னி போடவேண்டியதுதான். டி-டெஸ்ட் சராசரியை ஒப்பிடும், மான்-விட்னி இடைநிலையை ஒப்பிடும். இடைநிலை 6.5-க்கு 13.5, இரண்டு மடங்கு. முடிந்தது கதை.

இன்னொரு வழியும் உண்டு. அந்த 46 அவுட்லையர். தூக்கிவிட்டு டி-டெஸ்ட் போட்டாலும் வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஆபீசில் பைத்தானில்தான் வேலை. உங்கள் எண்களை `scipy.stats.ttest_ind`-ல் போட்டேன். எனக்கு 0.45 வருகிறது, உங்களுக்கு 0.46. டைப் செய்ததில் எங்காவது பிழையா என்று ஒருமுறை பாருங்கள்.

---

நெல்லிக்குப்பம் வாத்தியார்

0.45-க்கும் 0.46-க்கும் காரணம் டைப்பிங் இல்லை. ஆரில் `t.test` என்று அடித்தால் அது தானாகவே வெல்ச் முறையைப் போடும். நீங்கள் சொன்ன பைத்தான் கட்டளை, `equal_var=False` என்று கொடுக்காதவரை, இரண்டு ஊரிலும் பரவல் ஒன்றே என்று வைத்துக்கொண்டு பழைய ஸ்டூடண்ட் முறையைப் போடும். இங்கே இரண்டு பக்கமும் எட்டெட்டு என்பதால் வித்தியாசம் தெரியவில்லை. ஒரு பக்கம் 5, இன்னொரு பக்கம் 20 என்று இருந்திருந்தால் பெரிதாகத் தெரிந்திருக்கும்.

இனி தம்பியின் கேள்விக்கு வருகிறேன். எந்த டெஸ்ட் என்று முடிவு செய்யும் முன் 0.46 எங்கிருந்து வந்தது என்று கையால் போட்டுப் பார்க்கவேண்டும். தேவனாம்பட்டினத்தின் சராசரி 11.5 கிலோ, சோனாங்குப்பம் 16. வித்தியாசம் 4.5. இதை எதால் வகுக்கிறோம்? திட்டப் பிழையால். அது 5.8. ஆக டி 0.77. ஒன்றைக்கூடத் தொடவில்லை.

இதில் அந்த 46 இரண்டு வேலை செய்கிறது. அது இல்லாமல் மற்ற ஏழு படகுக்கும் சராசரி 6.6 கிலோதான், அதை 11.5-க்குத் தூக்கிவிட்டது. அதனால் இரண்டு ஊருக்கும் இடையிலான தூரம் சுருங்கியது. அதே சமயம் பரவலையும் ஊதிப் பெருக்கியது. திட்ட விலக்கம் 14-ஐத் தாண்டிவிட்டது, சராசரியைவிட அதிகம். மேலே உள்ள எண் சிறுத்தது, கீழே உள்ள எண் பெருத்தது. டி படுத்துக்கொண்டது.

ஒரு வேடிக்கை செய்து பாருங்கள். 46-க்குப் பதில் 460 என்று போடுங்கள். இப்போது தேவனாம்பட்டினத்தின் சராசரி 63 கிலோ, சோனாங்குப்பம் அதே 16. இவ்வளவு பெரிய இடைவெளிக்கு டி எகிறவேண்டும் அல்லவா? எகிறாது. 1-ஐ ஒட்டியே நிற்கும். 4600 போட்டாலும் அப்படித்தான். ஒரே ஒரு எண் பெரிதாகும்போது சராசரியும் திட்டப் பிழையும் ஒரே வேகத்தில் வளர்கின்றன. ஒரு படகை நம்பி ஊரைப் பற்றிச் சொல்லமாட்டேன் என்று டி-டெஸ்ட் சொல்கிறது. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

மான்-விட்னிக்கு 46-ம் ஒன்றுதான், 460-ம் ஒன்றுதான். 16 படகில் முதலிடம், அவ்வளவே. அது போடும் கணக்கு இது: இந்த ஊரில் ஒரு படகு, அந்த ஊரில் ஒரு படகு என்று ஜோடி சேர்த்தால் மொத்தம் 64 ஜோடி. அதில் தேவனாம்பட்டினம் ஜெயித்தது 12 ஜோடியில். 46 கிலோ படகு எட்டையும் ஜெயித்தது, 12 கிலோ படகு மூன்றை, 9 கிலோ படகு ஒன்றை. மீதி 52 ஜோடியிலும் சோனாங்குப்பம். ஆர் காட்டும் W = 12 என்பது இந்த எண்தான்.

---

உப்பனாறு

ஐயா, இது ரொம்ப உதவி. 12 என்ன எண் என்றே தெரியாமல் காப்பி செய்து வைத்திருந்தேன். அப்படியென்றால் மான்-விட்னிதான் சரி என்று எடுத்துக்கொள்ளலாமா?

---

முதலியார்பேட்டை லேப்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், எனக்கும் இதே பிரச்சினைதான். தண்ணீர் சுத்திகரிப்பு ட்ரையல், 3-க்கு 3. ஒரு குரூப்பில் 210, 250, 300. இன்னொன்றில் 20, 24, 31. கண்ணாலேயே தெரிகிறது. மான்-விட்னி போட்டால் 0.1 என்கிறது. எண்களை மாற்றிப் பார்த்தேன், 2,000 என்று போட்டாலும் அதே 0.1. சாஃப்ட்வேரில் ஏதாவது கோளாறா?

---

நெல்லிக்குப்பம் வாத்தியார்

கோளாறு இல்லை அம்மா. ஆறு எண்களை மூன்று மூன்றாகப் பிரிக்க 20 வழிதான் உண்டு. ஒரு பக்கம் முழுக்கக் கீழே, இன்னொரு பக்கம் முழுக்க மேலே என்பதற்கு ஒரு வழி, தலைகீழாக ஒரு வழி. 20-ல் 2, அதாவது 0.1. 3-க்கு 3-ல் இதற்குக் கீழே போகவே முடியாது. டெஸ்ட் போடும் முன்பே தோற்றுவிட்டீர்கள். 4-க்கு 4 என்றால் 70-ல் 2, கிட்டத்தட்ட 0.029. அப்போதுகூட ஒரு எண்ணாவது கலந்துவிட்டால் 0.05-ஐத் தாண்டிவிடும்.

தம்பியின் கைடு சொன்ன "30-க்குக் குறைவென்றால் மான்-விட்னி" என்ற சூத்திரம் இங்கேதான் உதைக்கும். சாம்பிள் மிகச் சிறிதாக இருக்கும்போது ரேங்க் டெஸ்டுக்குச் சொல்ல வாயே இருக்காது. டி-டெஸ்ட் சிறிய சாம்பிளுக்காகவே பிறந்தது. காஸெட் 1908-ல் 'ஸ்டூடண்ட்' என்ற பெயரில் அதை எழுதியது, மதுபான ஆலையில் கைப்பிடி டேட்டாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதற்காகத்தான். சிறியது என்பது பிரச்சினை இல்லை. சிறியதும் சாய்ந்ததும் ஒன்றாக வந்தால்தான் பிரச்சினை.

---

முதலியார்பேட்டை லேப்

அப்போ நான் டி-டெஸ்ட் போட்டுவிடலாம்? மூன்று தொட்டிதான், சுத்திகரிப்புக்கு முன்னால் ஒரு ரீடிங், பின்னால் ஒரு ரீடிங்.

---

நெல்லிக்குப்பம் வாத்தியார்

அதே மூன்று தொட்டியா? அப்படியென்றால் இந்த இழையில் பேசும் இரண்டு டெஸ்டுமே உங்களுக்கு இல்லை. முன்-பின் ஜோடி அது. ஒவ்வொரு தொட்டிக்கும் முன்-பின் விகிதத்தை எடுத்து, லாக் போட்டு, ஜோடி டி-டெஸ்ட் பாருங்கள். ஜோடிக்கான வில்காக்சன் பக்கம் போகாதீர்கள், 3 தொட்டிக்கு அதன் குறைந்தபட்ச பி-மதிப்பு 0.25. தனி இழை போடுங்கள், அங்கே பேசுவோம். இங்கே நண்டு ஓடிவிடும்.

---

நெல்லிக்குப்பம் வாத்தியார்

தம்பி, "மான்-விட்னிதான் சரியா" என்று கேட்டீர்கள். பாகூரான் சொன்னதில் ஒரு பாதிதான் எனக்கு ஒப்பு.

மான்-விட்னி இடைநிலையை ஒப்பிடுகிறது என்பது ஒரு நிபந்தனையோடுதான் உண்மை. இரண்டு ஊரின் பரவலும் ஒரே உருவத்தில் இருந்து, ஒன்று மற்றதைவிட இத்தனை கிலோ தள்ளி நிற்கிறது என்றால் மட்டும். அப்படி வைத்துக்கொண்டு `wilcox.test(son, dev, conf.int = TRUE)` கொடுத்தால் ஆர் 6.5 கிலோ என்று சொல்லும், 95 சதவீத எல்லை 1 முதல் 13 வரை. இது இடைநிலைகளின் வித்தியாசமான 7 இல்லை என்பதைக் கவனியுங்கள். 64 ஜோடி வித்தியாசங்களின் இடைநிலை அது. உங்கள் டேட்டாவில் உருவம் ஒன்றா? தேவனாம்பட்டினம் 3-லிருந்து 12-க்குள் நெருக்கி உட்கார்ந்து, திடீரென்று 46-க்குத் தாவுகிறது. சோனாங்குப்பம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. எட்டு எண்ணை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாதுதான், ஆனால் ஒன்று என்று சத்தியம் செய்ய நான் தயாரில்லை.

நிபந்தனை இல்லாமல் சொல்லக்கூடியது இதுதான்: இரண்டு ஊரிலிருந்தும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு படகை எடுத்தால், 64-ல் 52, அதாவது நூற்றுக்கு 81 தடவை சோனாங்குப்பத்துப் படகில்தான் நண்டு அதிகம். இதைப் பி-மதிப்போடு எழுதுங்கள். படிக்கிறவருக்கு உடனே புரியும்.

ஆனால் உங்கள் கேள்வி அதுதானா? மீன்வளத்துறைக்கு மொத்தப் பிடிப்பு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தேவனாம்பட்டினத்தில் ஒரு நாளைக்கு 50 படகு போகிறது என்றால் 50-ஐ எதால் பெருக்குவீர்கள்? சராசரியால்தான். 575 கிலோ. இடைநிலையால் பெருக்கினால் 325 வரும், அது தப்பு. உங்கள் எட்டுப் படகின் மொத்தம் 92 கிலோ, அதில் 46 ஒரே படகு. சரியாகப் பாதி. அதை அவுட்லையர் என்று தூக்கினால் ஊரின் நண்டில் பாதியைக் கடலில் திரும்பக் கொட்டியது போல. கேள்வி மொத்தத்தைப் பற்றியது என்றால் சராசரிதான் வேண்டும், அதற்கு இந்த எட்டுப் படகு போதாது என்பதுதான் நேர்மையான விடை. 0.46 என்பதற்கும் அதுதான் பொருள். வித்தியாசத்துக்கான எல்லை மைனஸ் 8 கிலோவிலிருந்து பிளஸ் 17 வரை போகிறது. "வித்தியாசம் இல்லை" என்று அது சொல்லவே இல்லை. "தெரியவில்லை" என்கிறது.

ஒரு சாதாரணப் படகுக்காரர் எந்த ஊரில் தொழில் செய்தால் நண்டு கிடைக்கும் என்பது கேள்வியானால் மான்-விட்னி பொருத்தம். இரண்டு டெஸ்டும் ஒரே கேள்விக்கு இரண்டு பதில் சொல்வதாக நினைப்பதால்தான் குழப்பம்.

---

பாகூரான்

வாத்தியார் சொல்வது புரிகிறது. ஆனால் நடைமுறையில் யாரும் இப்படி யோசிப்பதில்லை. ஷப்பிரோ போடு, பாஸா ஃபெயிலா பார், அதன்படி டெஸ்டைத் தேர்ந்தெடு. எல்லா ஜர்னலிலும் இதுதான் ஓடுகிறது. இதில் என்ன கெட்டுவிடும்?

---

நெல்லிக்குப்பம் வாத்தியார்

ஓடுகிறது என்பது உண்மைதான். கெடுவது எங்கே என்றால், எட்டு எண்ணில் ஷப்பிரோவுக்குக் கண் மங்கல். நடுத்தரமாகச் சாய்ந்த பரவலை அது பாஸ் போட்டு அனுப்பிவிடும். தேவை இருக்கும் இடத்தில் எச்சரிக்காது. பெரிய சாம்பிளில் சின்னச் சாய்வுக்கெல்லாம் ஃபெயில் போடும், அங்கே டி-டெஸ்டுக்குச் சாய்வால் ஒன்றும் ஆகாது. அதோடு, டேட்டாவைப் பார்த்துவிட்டு டெஸ்டைத் தேர்ந்தெடுத்தால் கடைசியில் வரும் பி-மதிப்பு அதே பி-மதிப்பாக இருப்பதில்லை. நண்டு எப்போதும் சாய்ந்துதான் வரும் என்பது எடை போடும் முன்பே தெரிந்த விஷயம். அதை அப்போதே எழுதி வைத்திருக்கலாம்.

டி-டெஸ்ட் பக்கமும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை, இரண்டும் ஒரே திசையில் ஒரே மாதிரி சாய்ந்திருக்கின்றன என்றால், வித்தியாசம் எடுக்கும்போது சாய்வு பெரும்பாலும் ஒன்றையொன்று கழித்துவிடும். அப்போது டி-டெஸ்ட் பொய் சொல்லாது. அதிகபட்சம் ஊமையாக இருக்கும், இருக்கிற வித்தியாசத்தைக் காட்டாமல் விடும். பயப்படவேண்டியது எண்ணிக்கையும் சாய்வும் இரண்டு பக்கமும் வேறுபடும்போதுதான். சிறிய குரூப்பே அதிகம் பரவியிருந்தால் ஸ்டூடண்ட் முறை நிஜமாகவே பொய் சொல்லும், வெல்ச்சும் முழுசாகக் காப்பாற்றாது.

---

சில்வர் பீச் (கடலூர்)

யாரும் லாக் பற்றிப் பேசவில்லையே? நான் பூச்சிகளின் எண்ணிக்கையில் வேலை செய்கிறேன், எங்கள் டேட்டா எல்லாமே இப்படித்தான் வரும். நாங்கள் யோசிக்காமல் லாக் எடுத்துவிட்டு டி-டெஸ்ட் போடுவோம்.

```r
t.test(log(dev), log(son))
```

போட்டுப் பார்த்தேன், 0.09 வருகிறது. லாக்கிலிருந்து திரும்பி வந்தால் 7.7 கிலோவுக்கு 14.5 கிலோ. சோனாங்குப்பம் கிட்டத்தட்ட 1.9 மடங்கு, எல்லை 0.9 மடங்கிலிருந்து 4 மடங்கு வரை. "இத்தனை மடங்கு" என்று சொல்ல முடிவது மான்-விட்னியில் நேரடியாகக் கிடைக்காது.

இப்போது உப்பனாறுக்கு மூன்று பி-மதிப்பு ஆகிவிட்டது, அதற்கு நான் பொறுப்பு இல்லை.

---

நெல்லிக்குப்பம் வாத்தியார்

லாக் நல்ல வழி. பிடிப்பு டேட்டாவுக்கு நானே முதலில் அதைத்தான் எடுப்பேன். இரண்டு எச்சரிக்கை மட்டும். லாக் எடுத்த பிறகும் 46 கொஞ்சம் தனியாகத்தான் நிற்கிறது, ஒரு புள்ளிப்படம் போட்டுப் பார்த்தால் தெரியும். இரண்டாவது, திரும்பி வந்த 7.7 சாதாரணச் சராசரி இல்லை, பெருக்குச் சராசரி. அதை 50 படகால் பெருக்கி மொத்தம் சொல்லக்கூடாது.

---

பாகூரான்

ஒரு படகு சும்மா திரும்பியிருந்தால்? பூஜ்யத்துக்கு லாக் கிடையாது. அங்கே மான்-விட்னி அலட்டிக்கொள்ளாது.

---

சில்வர் பீச்

எல்லாவற்றோடும் ஒன்றைக் கூட்டிவிட்டு லாக் எடுப்போம்.

---

நெல்லிக்குப்பம் வாத்தியார்

ஒன்று ஏன்? அரை ஏன் இல்லை? கூட்டும் எண்ணை மாற்றினால் விடையும் மாறும். பாகூரான் இங்கே சரியான இடத்தில் கை வைத்தார். பூஜ்யங்கள் நிறைய இருந்தால் மான்-விட்னியிலும் சமநிலை வந்து துல்லியமான பி-மதிப்பு கிடைக்காது, ஆர் ஒரு எச்சரிக்கை கொடுத்துவிட்டுத் தோராயமாகப் போடும். ஆனால் அது சமாளிக்கக்கூடியது. தம்பி, உங்கள் 16-ல் ஒரு பூஜ்யம்கூட இல்லையே, அது எப்படி?

---

தாழங்குடா பையன்

எனக்கு இந்த டெஸ்ட் எல்லாம் தெரியாது, அப்பா நண்டு வலைதான். ஆனால் கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. ஒன்றும் படாமல் வருகிற படகு ஏலம் போடுகிற இடத்துக்கு ஏன் வரப்போகிறது? இரண்டு கிலோ கிடைத்தால் வீட்டுக்குக் குழம்புக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அண்ணன் ஏல இடத்தில் நின்று எழுதியிருந்தால் விற்க வந்த படகை மட்டும்தான் எழுதியிருப்பார்.

அப்புறம் அந்த 46 கிலோ. ஒரு நடைக்கு எட்டுப் பத்து கிலோ படுகிற நேரத்தில் ஒரு பைபருக்கு மட்டும் 46 படாது. அவர்கள் எத்தனை துண்டு வலை போட்டார்கள், எத்தனை ராத்திரி வலை கிடந்தது என்று கேட்டீர்களா? காற்று அடித்தால் போட்ட வலையை மறுநாள் எடுக்க முடியாது. அதற்கு அடுத்த நாள் போய்த்தான் எடுப்போம்.

---

நெல்லிக்குப்பம் வாத்தியார்

டெஸ்ட் தெரியாது என்று சொல்லிவிட்டு இந்த இழையிலேயே முக்கியமான இரண்டு விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

விற்க வந்த படகை மட்டும் எழுதியிருந்தால் இரண்டு ஊரிலும் கீழ்முனை வெட்டப்பட்டிருக்கிறது. ஒரு ஊரில் 2 கிலோவையும் விற்பார்கள், இன்னொரு ஊரில் 7 கிலோ வரை வீட்டுக்கே போகும் என்றால், உங்கள் வித்தியாசம் முழுவதும் அதனாலேயேகூட வந்திருக்கலாம். சோனாங்குப்பத்தில் குறைந்தது 8 கிலோ, தேவனாம்பட்டினத்தில் 3 கிலோ என்பது எனக்கு உறுத்துகிறது. டி, மான்-விட்னி, லாக் எதுவும் இதைக் கண்டுபிடிக்காது.

---

உப்பனாறு

இரண்டு ஊரிலும் ஏல இடத்தில்தான் எழுதினேன். விற்காமல் போனவர்களைக் கணக்கில் எடுக்கவில்லை.

46 கிலோ படகுக்காரரை இன்று காலை பார்த்தேன். தாழங்குடா தம்பி சொன்னதேதான். காற்றால் ஒரு நாள் வலையை எடுக்கவில்லை, இரண்டு ராத்திரி கிடந்த வலையாம். துண்டு எண்ணிக்கை மற்றவர்களுடையதைப் போலத்தான். அப்படியென்றால் 46-ஐ இரண்டால் வகுத்து 23 என்று போடலாமா? போட்டுப் பார்த்தேன். மான்-விட்னி 0.038-லிருந்து 0.028 ஆகிறது. டி-டெஸ்ட் 0.46-லிருந்து 0.07-க்கு வந்துவிட்டது!

---

பாகூரான்

பார்த்தீர்களா? ஒரே எண்ணை மாற்றியதும் டி-டெஸ்ட் எங்கிருந்து எங்கே போய்விட்டது. மான்-விட்னி அசையவே இல்லை. நான் முதலிலேயே சொன்னேன்.

---

நெல்லிக்குப்பம் வாத்தியார்

அசையாதது நல்லதுதான், ஆனால் அதே காரணத்தால் தப்பான எண் உள்ளே இருந்ததும் அதற்குத் தெரியவில்லை. தம்பியை அந்தப் படகுக்காரரிடம் அனுப்பியது டி-டெஸ்டின் அந்த 0.46 கொடுத்த சந்தேகம்தான் என்று நான் சொல்வேன். நீங்கள் ஒத்துக்கொள்ளமாட்டீர்கள், பரவாயில்லை.

இரண்டால் வகுப்பது எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு ராத்திரி கிடந்தால் இரண்டு மடங்கு நண்டு என்பது கிடையாது. சிக்கியது கிடக்கும், வலையில் இடம் குறையும், சிலதை மீன் தின்றுவிடும். "ஒரு ராத்திரி கிடந்த வலை" என்று விதி வைத்து, அதற்கு வெளியே உள்ளதை எடுத்துவிட்டு, அதை வெளிப்படையாக எழுதிவிடுங்கள். அவுட்லையர் என்று தூக்குவது வேறு, அளந்த பொருளே வேறு என்று தூக்குவது வேறு. ஆனால் அந்த விதியை 16 படகுக்கும் கேட்டுத்தான் போடவேண்டும், பெரிய எண்ணுக்கு மட்டும் இல்லை.

---

சில்வர் பீச்

எடுப்பதற்குப் பதிலாக ராத்திரி எண்ணிக்கையையும் மாடலில் சேர்க்கலாமே?

---

நெல்லிக்குப்பம் வாத்தியார்

ஒரே ஒரு படகுதான் இரண்டு ராத்திரி என்றால் அதை வைத்து எதை மதிப்பிடுவது? எல்லோரிடமும் கேட்ட பிறகு, ஐந்தாறு படகாவது அப்படி இருந்தால் சேர்க்கலாம். தம்பி, இன்னும் ஒன்று: ஒரே படகு இரண்டு தடவை வந்திருக்கிறதா? இரண்டு ஊரிலும் ஒரே நாட்களில்தான் எழுதினீர்களா?

---

உப்பனாறு

படகு எல்லாம் வேறு வேறுதான், பதிவு எண் எழுதி வைத்திருக்கிறேன். நாள் ஒன்றில்லை. தேவனாம்பட்டினத்தை முடித்துவிட்டு அடுத்த வாரம்தான் சோனாங்குப்பம் போனேன்.

---

தாழங்குடா பையன்

அடுத்த வாரமா? இடையில் அமாவாசை வந்ததா என்று காலண்டர் பாருங்கள் அண்ணா. நீரோட்டம் மாறினால் நண்டும் மாறும். எங்களுக்கு ஊரைவிட நாள்தான் பெரிது.

---

பாகூரான்

இப்படிப் போனால் யாருமே எதையும் எழுத முடியாது. ப்ராஜெக்ட் எப்போது சமர்ப்பிக்கவேண்டும்? என்னைக் கேட்டால் மான்-விட்னி, 81 சதவீதம், இரண்டு ராத்திரிப் படகு பற்றி ஒரு பாரா, நாள் வேறு என்று குறைபாடுகளில் ஒரு வரி. போதும்.

---

நெல்லிக்குப்பம் வாத்தியார்

எழுதலாம். "ஊர் வித்தியாசம்" என்று மட்டும் எழுதாதீர்கள், "இந்த வாரம் இந்த ஊர், அந்த வாரம் அந்த ஊர்" என்று எழுதுங்கள். நேரம் இருந்தால் இரண்டு பேர் சேர்ந்து ஒரே காலையில் இரண்டு ஊரிலும் நின்று, விற்க வராத படகையும் சேர்த்து எழுதுவது எந்த டெஸ்டையும்விட மேல். லாக் போட்ட டி-டெஸ்டை முதன்மையாக வைப்பதா, மான்-விட்னியை வைப்பதா என்று அந்தப் புது டேட்டா வரும் முன்பே தேதி போட்டு எழுதி கைடிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நான் லாக் என்பேன், பாகூரான் மான்-விட்னி என்பார்.

---

உப்பனாறு

சமர்ப்பிக்க இன்னும் நாள் இருக்கிறது. வகுப்புத் தோழன் ஒருவன் வருகிறேன் என்கிறான். தாளில் இரண்டு பத்தி கூடுதலாகப் போட்டுவிட்டேன்: எத்தனை துண்டு வலை, எத்தனை ராத்திரி.

---

தாழங்குடா பையன்

சோனாங்குப்பத்து 34 கிலோ படகையும் கேட்டீங்களா?

---

உப்பனாறு

இன்னும் இல்லை. பதிவு எண் இருக்கிறது, நாளைக்குப் போய்க் கேட்கிறேன்.